அறுபது ‘ஹலோ’, மூன்று வேலை

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு விளம்பரம் ஓடுகிறது. அதன் அடியில் வாட்ஸ்அப் பொத்தான். அழுத்தினால் இணையதளம் எதுவும் திறக்காது, நேராக அந்தக் கடைக்காரரின் சாட்டுக்குப் போய்விடலாம். எழுதும் பெட்டியில் `Hello! Can I get more info on this?` என்ற வரி முன்கூட்டியே தயாராக நிற்கும். அனுப்பும் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், கடைக்காரருக்கு ஒரு லீட், அதாவது வாங்கக்கூடிய ஒருவரின் விசாரிப்பு, வந்துவிடும்.

வந்தவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். கட்டைவிரலால் இரண்டு தட்டு. ஒரு எழுத்துகூட அவர் எழுதவில்லை. சிறுதொழில் செய்பவர்கள் இந்த விளம்பரத்தில் படுகிற பாட்டில் பாதி, அந்த இரண்டு தட்டை ‘வாங்க வந்தவர்’ என்று எடுத்துக்கொள்வதால் வருவது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கே வந்து சோபா, மெத்தை சுத்தம் செய்து தரும் இருவர். அழுக்கு சோபா ஒரு பக்கம், பளிச்சென்று ஆனது மறுபக்கம் என்று ஒரு படம் போட்டு, “இன்றே பேசுங்கள்” என்று விளம்பரம் விடுகிறார்கள். ஒரு வாரத்தில் 60 உரையாடல். விளம்பரக் கணக்கைக் காட்டும் டாஷ்போர்டில் ஒரு உரையாடலுக்கான செலவு மிகக் குறைவாகத் தெரிகிறது. ஆனால் கிடைத்த வேலை மூன்று. மீதி 57 பேரில் பலர் “எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள். சிலர் அதைக்கூடக் கேட்கவில்லை. “சார், எல்லாம் ஃபேக்” என்பதுதான் இந்த இடத்தில் வழக்கமாக வரும் புலம்பல்.

ஃபேக் இல்லை. எல்லோரும் உண்மையான மனிதர்கள்தான். விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் இயந்திரம், நாம் கேட்டதைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

விளம்பரம் யாருக்குக் காட்டப்படுகிறது என்பது ஒவ்வொரு முறையும் நொடிக்குள் நடக்கும் ஒரு ஏலத்தில் முடிவாகிறது. அதிகப் பணம் சொன்னவருக்கே இடம் என்பதில்லை. சொன்ன தொகையை, ‘இந்த ஆள் நீங்கள் கேட்ட செயலைச் செய்ய எவ்வளவு வாய்ப்பு’ என்ற மதிப்பீட்டோடு பெருக்கி, விளம்பரத்தின் தரத்துக்கான மதிப்பையும் கூட்டி வருவதுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. ‘நீங்கள் கேட்ட செயல்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விளம்பரத்தை அமைக்கும்போது, உரையாடல்களின் எண்ணிக்கையைக் கூட்டு என்ற இலக்கைத் தேர்ந்தெடுத்திருந்தால், சாட் திறக்கக்கூடியவர்களைத் தேடி அது போகும். பார்த்ததையெல்லாம் தட்டிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சோபாவே இல்லாத வீட்டில் இருந்தாலும் ‘ஹலோ’ அனுப்புவார்கள். இலக்கின்படி பார்த்தால் அவர்கள்தான் மலிவான, அருமையான ஆட்கள். இயந்திரம் அவர்களைக் கண்டுபிடித்து, அவர்களைப் போலவே இன்னும் பலரைக் கொண்டுவந்து சேர்க்கும். நாட்கள் போகப் போக அது தன் வேலையில் தேறிக்கொண்டே வரும். நமக்குத்தான் நிலைமை மோசமாகும்.

டாஷ்போர்டில் உள்ள ‘தொடங்கிய உரையாடல்’ என்ற எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். குறைந்தது 7 நாள் பேச்சில்லாமல் இருந்தவர் விளம்பரம் வழியாக மறுபடி பேசினாலும் அது ஒரு புதிய உரையாடலாகவே எண்ணப்படும். அதனால் போன மாதத்து வாடிக்கையாளர் சும்மா தட்டிப் பார்த்தாலும் கணக்கில் ஒன்று ஏறும். உங்கள் நோட்டில் உள்ள புதிய பெயர்களும் திரையில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். அதேபோல, கிளிக் எண்ணிக்கை வழக்கமாக உரையாடல் எண்ணிக்கையைவிட அதிகமாகவே இருக்கும். சாட் திறந்து, அனுப்பாமலே திரும்பிப் போனவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அம்புக்குறியைத் தட்டாத வரை எதுவும் உங்களுக்கு வராது.

சரி, சோபாக்காரர்கள் என்ன செய்யலாம்? விளம்பரத்திலேயே கொஞ்சம் தடை வைக்கலாம். கேட்க விசித்திரமாக இருக்கும், காசு கொடுத்து வரவழைப்பவர்களுக்கு யாராவது தடை வைப்பார்களா என்று. ஆனால் இந்த வகை விளம்பரத்தின் பலவீனமே அது அளவுக்கு மீறி வழுக்குவதுதான். அடுத்த வாரம் அதே செலவில் வேறொரு விளம்பரம் விடுகிறார்கள். குறைந்தபட்சக் கட்டணம் இவ்வளவு, இந்தப் பகுதிகளுக்கு மட்டும் வருவோம், வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்று படத்தின் மேலேயே எழுதியிருக்கிறார்கள். முன்கூட்டி நிற்கும் அந்த ஆங்கில வரியையும் மாற்றிவிட்டார்கள். இப்போது பெட்டியில் இருப்பது: “எங்கள் சோபா ___ பேர் உட்காரும் அளவு. படம் அனுப்புகிறேன்.”

கோடிட்ட இடத்தை நிரப்ப ஒரு எண்ணை எழுத வேண்டும். படம் எடுக்க எழுந்து போக வேண்டும். சோபா இல்லாதவரால் இரண்டுமே முடியாது.

இந்த முறை 24 உரையாடல்தான் வருகிறது. ஒரு உரையாடலுக்கான செலவு இரண்டரை மடங்கு ஏறிவிட்டது. பலர் இந்த இடத்தில் பயந்துபோய் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆனால் கிடைத்த வேலை ஆறு. ஒரு வேலைக்கான செலவு பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு ஆளோடு பேசப் பத்து நிமிடம் என்று வைத்தால், முதல் வாரம் சாட்டிலேயே பத்து மணி நேரம் போயிருக்கும், இரண்டாவது வாரம் நான்கு. இருவர் நடத்தும் தொழிலில் அந்த ஆறு மணி நேரம் என்பது இரண்டு சோபா.

இதில் ஒரு எச்சரிக்கை. மூன்றும் ஆறும் சின்ன எண்கள். ஒரே வாரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நினைத்துவிடலாம். இரண்டு விளம்பரத்தையும் சேர்த்து மூன்று நான்கு வாரம் ஓடவிட்டு, வேலைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

எந்த வேலை எந்த விளம்பரத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே எண்ண முடியும்? இலவச வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில், விளம்பரம் வழியாக வந்தவரின் முதல் செய்தியோடு அந்த விளம்பரத்தின் சிறு படமும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்து சாட்டுக்கு ஒரு லேபிள் போட்டுவிட வேண்டும், அதுவும் அன்றைக்கே. பெரிய அளவில் செய்பவர்கள் தங்கள் மென்பொருளை நேராக வாட்ஸ்அப்போடு இணைக்கும் ஏபிஐ வழியில், முதல் செய்தியோடு இப்படி ஒரு துண்டு வந்து சேரும்:

```json
"referral": {
  "source_type": "ad",
  "source_id": "...",
  "headline": "...",
  "ctwa_clid": "..."
}
```

`source_id` என்பது எந்த விளம்பரம் என்பதற்கான எண். கடைசியில் உள்ள `ctwa_clid` அந்த ஒரு கிளிக்குக்கு மட்டும் உரிய அடையாளம், டோக்கன் சீட்டு மாதிரி. வேலை முடிந்து பணம் வந்த பிறகு, “இந்தச் சீட்டோடு வந்தவர் வாங்கிவிட்டார்” என்று அந்த அடையாளத்தோடு, இந்த ஆப்களை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குத் திருப்பிச் சொல்லலாம். அப்போதுதான், சாட் திறப்பவரும் வாங்குபவரும் வேறு வேறு ஆள் என்பது அந்த இயந்திரத்துக்கு முதல்முறையாகத் தெரியவரும்.

ஆனால் சிறுதொழிலுக்கு இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு. தேடும் முறை ஓரளவு நிலைப்பட, வாரத்துக்கு ஏறக்குறைய 50 முறையாவது அந்தச் செயல் நடக்க வேண்டும் என்பது மெட்டாவே சொல்லும் கணக்கு. வாரத்துக்கு ஆறு வேலை செய்பவர் ‘வாங்கியவர்’ என்பதை இலக்காக வைத்தால், அதற்குக் கற்றுக்கொள்ளப் பாடமே போதாது. அதனால் நடுவில் ஒரு படியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். படமும் முகவரியும் அனுப்பியவரை மட்டும் ‘லீட்’ என்று குறித்து, `LeadSubmitted` என்ற பெயரில் திருப்பி அனுப்பலாம். அதிலும் 50 எட்டாமல் போகலாம்தான். ஆனாலும் ஆறைவிட அது எவ்வளவோ மேல், வெறும் ‘ஹலோ’வைவிட உண்மைக்கும் பக்கம்.

அப்புறம், வந்தவரைக் கையாளும் விதம். விளம்பரம் பார்த்து வந்தவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்தவர். ஐந்து நிமிடம் பதில் இல்லையென்றால் மறுபடி அங்கேயே போய்விடுவார். அரை மணி கழித்துப் பதில் போட்டால், “யார் நீங்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு. இரவு ஒரு மணிக்கு வரும் ‘ஹலோ’வுக்குக் காலை ஒன்பதுக்குப் பதில் சொல்வது அனேகமாகப் பணத்தைக் கரைப்பதுதான். விளம்பரம் ஓடும் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி இருக்கிறது. போனை எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓடவிடுங்கள்.

முதல் பதிலில் கம்பெனி வரலாறு, ரேட் கார்டு, ஐந்து படம் என்று கொட்டுவது பெரிய தவறு. படித்து முடித்தவருக்குப் பதில் சொல்ல ஒன்றும் இருக்காது, பேச்சு அங்கேயே அறுந்துவிடும். “எவ்வளவு?” என்று கேட்டவருக்கு, “மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு இவ்வளவிலிருந்து தொடங்கும். உங்களுடையது துணியா, லெதரா?” என்று விலையைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வியில் நிறுத்த வேண்டும். விலையை மறைத்து “போன் பண்ணட்டுமா?” என்று கேட்டால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். நானும் ஓடுகிற ரகம்தான்.

பேச்சு நின்றுபோனவரை எப்போது மறுபடி தொடுவது? ஏபிஐ வழியில் இதற்கு ஒரு கறாரான விதி உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் விரும்பியதை எழுதலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் செய்தி மட்டுமே போகும். விளம்பரத்திலிருந்து வந்தவருக்கு 24 மணிக்குள் பதில் சொல்லிவிட்டால், 72 மணி நேரத்துக்குச் செய்திக் கட்டணம் கிடையாது என்ற சலுகையும் இருக்கிறது. கட்டணம் இல்லை என்றுதான் அதற்குப் பொருள். 24 மணி தாண்டினால் அந்த மூன்று நாளிலும் டெம்ப்ளேட்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு, இரண்டாம் நாள் எழுதிய சாதாரணச் செய்தி ஏன் போகவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

இலவச ஆப்பில் இந்த 24 மணிக் கெடு இல்லை. அதற்காக அடிக்கடி எல்லோருக்கும் அனுப்பினால், சிலர் பிளாக் செய்வார்கள், சிலர் ரிப்போர்ட் அடிப்பார்கள். அது சேர்ந்தால் எண்ணே முடங்கலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டை நம்பியும் பயனில்லை. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும், விளம்பரம் பார்த்து வந்தவர் அனேகமாகச் சேமித்திருக்க மாட்டார்.

ஆகவே நின்றுபோன பேச்சுக்கு ஒரே ஒரு முறை, மறுநாள் அவர் முதலில் எழுதிய நேரத்துக்குச் சற்று முன்பாக எழுதுவது சரியாக இருக்கும். “யோசித்தீர்களா?” என்று கேட்க வேண்டாம். “வியாழன் மதியம் உங்கள் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அப்படியே வந்துவிடலாம், வரட்டுமா?” என்று கேட்டால் அவர் ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். இல்லை என்று வந்தால் அதற்கும் ஒரு லேபிள் போட்டு, காரணத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ‘தூரம்’ என்ற காரணம் பத்து முறை வந்திருந்தால், விளம்பரம் காட்டப்படும் எல்லையைச் சுருக்க வேண்டியதுதான்.