பகல் பத்து மணிக்கு வந்த அமுக்குவான்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் என் அத்தானுக்கு இரவு வேலை. காலை ஆறு மணிக்கு முடித்து, வீட்டுக்கு வந்து, ஏழு மணிக்குப் படுப்பார். சென்ற மார்கழியில் ஒரு நாள் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஒன்பது மணிக்கு விழித்துவிட்டார். எழுந்து ஒரு டீ குடித்தார், முக்கால் மணி நேரம் திண்ணையில் வெயில் காய்ந்தார், அப்புறம் மறுபடி போய் மல்லாந்து படுத்தார். கண் அசந்த சில நிமிடங்களில் அது வந்தது.

“கண்ணு திறந்திருக்கு மாப்பிள்ளை. உங்க அக்கா சமையல்கட்டுல பாத்திரம் உருட்டுறது கேக்குது. கை வரமாட்டேங்குது, வாய் வரமாட்டேங்குது. நெஞ்சு மேல எவனோ ஏறி உக்காந்துட்டான். மூச்சு நின்னே போச்சு.”

அமுக்குவான் பேய் என்றாள் அம்மா. தலையணைக்கு அடியில் இரும்புச் சாவி வைத்தாயிற்று. வேப்பிலை வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டார்கள்.

பேய் இல்லை, சரி. ஆனால் அத்தான் சொன்னதும் பொய் இல்லை. அவர் உடம்பு உண்மையிலேயே கட்டிப்போடப்பட்டிருந்தது. கட்டியது அவருடைய மூளைத்தண்டுதான்.

இரவில் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நாம் ‘ரெம்’ என்ற உறக்க நிலைக்குள் போகிறோம். இமைக்குள் விழிகள் வேகமாக அலையும், அழுத்தமான கனவுகள் வரும். அந்த நேரத்தில் மூளைத்தண்டிலிருந்து ஒரு தடை உத்தரவு முதுகுத்தண்டுக்கு இறங்குகிறது. கிளைசின், காபா என்ற வேதிப்பொருட்கள் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவிடுகின்றன. கனவில் ஓடினாலும் கால் அசையாது. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்ற உறக்க ஆய்வாளர் பூனைகளின் மூளைத்தண்டில் இந்தத் தடைக்கான சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். அந்தப் பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து, இல்லாத இரையைப் பதுங்கித் துரத்தின. தடை இல்லாவிட்டால் நாமும் அப்படித்தான் கட்டிலிலிருந்து பாய்வோம்.

வழக்கமாக ரெம் முடிந்து, தடை விலகி, அப்புறம்தான் விழிப்பு. அன்றைக்கு அத்தானுக்கு விழிப்பு முந்திக்கொண்டது, தடை பின்தங்கிவிட்டது. அதற்குக் காரணமும் அவருடைய அன்றைய காலைப்பொழுதிலேயே இருக்கிறது. சாதாரணமாகத் தூங்க ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் ரெம் வரும். உறக்கத்தை நடுவில் அறுத்து, கொஞ்ச நேரம் விழித்திருந்து மறுபடி படுத்தால், அது படுத்தவுடனேயே வந்துவிடக்கூடும். விழிப்பின் வாசலிலேயே தடையும் விழுந்துவிடுகிறது. ஆய்வகங்களில் வேண்டுமென்றே இதை வரவழைக்கக் கையாண்ட வழியும் ஏறக்குறைய இதுதான். மல்லாந்து படுப்பது இன்னும் வசதி செய்து கொடுக்கிறது.

நெஞ்சு மேல் உட்கார்ந்தவன் யார்? தடை எல்லாத் தசைகளுக்கும் இல்லை. விழிகளை அசைக்கும் தசைகளுக்கும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்துக்கும் விலக்கு உண்டு. உதரவிதானம் தானாகவே ஏறி இறங்கி மூச்சை நடத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் பயந்த மனிதர் என்ன செய்வார்? நன்றாக இழுத்து மூச்சு விடப் பார்ப்பார். அதற்கு விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் வேண்டும். அவை தளர்ந்து கிடக்கின்றன. இழுத்தால் வரவில்லை என்பதை யாரோ அழுத்துவதாக மூளை கணக்குப் போடுகிறது. கனவு வேறு முழுசாகக் கலையாததால் அந்த ‘யாரோ’வுக்கு ஓர் உருவமும் கொடுத்துவிடுகிறது. உண்மையில் அத்தானுக்கு ஒரு மூச்சுகூடத் தவறவில்லை. சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தடை தானாக விலகிவிடும். யாராவது தொட்டு எழுப்பினாலும் பெரும்பாலும் கலைந்துவிடும். தசைக்கோ இதயத்துக்கோ எந்தக் கேடும் மிஞ்சாது.

மலைவாசிகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர் தலைவலியும் வாந்தியுமாய் எழுந்து, கை கால் துவண்டால், அது அமுக்குவான் இல்லை. அது கார்பன் மோனாக்சைடு நச்சு, ஆளைக் கொல்லும். உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விழித்து நடமாடும்போதும் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருந்தாலும் அப்படித்தான், காத்திருக்கக் கூடாது. பகலில் அடக்க முடியாத தூக்கமும், வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்குவதும் சேர்ந்திருந்தால் நார்கோலெப்சி என்ற உறக்க நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

அத்தானுக்கு இவை எதுவும் இல்லை. பிள்ளைகளை மதியம் வரை பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் ஒருக்களித்துப் படுக்கப் பழகினார். தை பிறந்த பிறகு ஒரே ஒரு முறை வந்தது. அன்றைக்கு மூச்சை இழுக்கப் போராடாமல், அது போகிற போக்கில் விட்டு எண்ணினாராம். பதினொன்று வரைக்கும் எண்ணியது ஞாபகம் இருக்கிறது, அதற்குள் கட்டைவிரல் அசைந்துவிட்டது என்றார். சாவி இன்னும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அம்மா எடுக்க விடவில்லை.