சோதனைக் குழி சொல்லும் பொய்

மழைநீர் உறிஞ்சு குழிக்கு அளவு போட மூன்று எண்கள் வேண்டும்: கூரையின் பரப்பு, மழையின் அளவு, மண் நீரை உறிஞ்சும் வேகம். முதல் இரண்டும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. பெய்தால் 4,000 லிட்டர். தளம் நனைவதிலும் தெறிப்பதிலும் 15 சதவீதம் போனதாக வைத்தால், குழாய் வழியே வருவது 3,400 லிட்டர்.

மூன்றாவதில்தான் ஏமாறுவோம். குழியின் அடி எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அங்கே 30 செ.மீ. விட்டத்தில் சிறு துளை தோண்டி, முந்தைய நாளே நீர் ஊற்றி ஊறவிட வேண்டும். காய்ந்த மண் முதலில் வெறிகொண்டு குடிக்கும். அந்த வேகத்தை நம்பக் கூடாது. (அவசரத்தில் நானும் ஒருமுறை நம்பியிருக்கிறேன்.) மறுநாள் 35 செ.மீ. உயரம் நிரப்பினோம், ஒரு மணி நேரத்தில் 25 செ.மீ.க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 மி.மீ. என்று எழுதத்தான் கை போகும். ஆனால் நீர் அடியில் மட்டுமா இறங்கியது? பக்கச் சுவரிலும் கசிந்தது. சராசரி நீர்மட்டம் 30 செ.மீ. என்றால் நனைந்த சுவரின் பரப்பு அடிப்பரப்பைப் போல நான்கு மடங்கு. ஆக மொத்தம் ஐந்து பங்கு மண் சேர்ந்து குடித்திருக்கிறது. உண்மையான வேகம் மணிக்கு 20 மி.மீ.தான். நாளடைவில் வண்டல் அடைக்கும் என்பதால் அதிலும் பாதியை, 10 மி.மீ.யை, கணக்கில் எடுப்பேன்.

இப்போது 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் ஆழத்தில் ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். அடி 4 சதுர மீட்டர். நீர்மட்டம் ஏறி இறங்குவதால் சுவரில் பாதி, 8.4 சதுர மீட்டர். மணிக்கு 10 மி.மீ. வீதம் இவை உறிஞ்சுவது 124 லிட்டர். வருவதோ 3,400! மழை பெய்யும்போது மண் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. மீதி 3,280 லிட்டரும் குழிக்குள் காத்திருந்தாக வேண்டும்.

அங்கே இன்னொரு சங்கடம். குழியில் ஜல்லி நிரப்பினால் கற்களின் இடைவெளி சுமார் 40 சதவீதம்தான். நம் குழியின் மொத்தக் கொள்ளளவு 8,400 லிட்டர் என்றாலும் நீருக்குக் கிடைப்பது 3,360. மயிரிழையில் போதும். ஜல்லி போடாமல் துளையுள்ள உறைகளை இறக்கினால் பாதிக்கும் குறைவான குழியே போதும். ஆனால் நனையும் மண் குறைவதால் வடிய அதிக நேரம் பிடிக்கும்.

நம் ஜல்லிக் குழி வடிய 3,280-ஐ 124-ஆல் வகுத்தால் சுமார் 26 மணி நேரம். அடுத்த மழை இரண்டு நாளுக்குள் வரலாம் என்றால் இது சரி. 48 மணியைத் தாண்டினால் ஆழப்படுத்துவதைவிட, நீளவாக்கில் வெட்டிச் சுவர்ப்பரப்பைக் கூட்டுவது நல்லது. நிலத்தடி நீர்மட்டம் அடிக்கு அருகில் இருந்தால் ஆழம் பயனற்றது.

ஜல்லிக்குள் ஒரு துளைக் குழாயைச் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். மழை நின்றபின் குச்சி விட்டு மட்டம் பார்க்கலாம். 26 மணியில் வடிந்த குழி 50 மணி எடுக்க ஆரம்பித்தால், வண்டல் வந்துவிட்டது. ஜல்லியின் மேல் வடிகட்டியாகப் பரப்பிய மணலை எடுத்து அலச வேண்டும்.