அபராதம் குற்றமாக மாறிய கதை

போன வாரம் ஒருவர், பாரசீகத்திலிருந்து அரபிக்கு மொழிபெயர்த்த தன் ஆவணத்தைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். வளைகுடா நாடொன்றில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். மூலத்தில் இருந்த சொல் ‘ஜரீமே’. வேகமாக வண்டி ஓட்டியதற்கு ஈரானில் கட்டிய அபராதம், அவ்வளவுதான். மொழிபெயர்த்தவர் கடைசி எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து ‘ஜரீமா’ என்று எழுதிவிட்டார். அரபியில் அதற்குக் குற்றம் என்று பொருள். கொலையும் ஜரீமாதான். அபராதத்துக்கு அரபுச் சொல் ‘கராமா’.

இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது காகிதம் இது.

“இரண்டு மொழிக்கும் ஒரே எழுத்து, பாரசீகத்தில் பாதிச் சொல் அரபிதானே, ஆங்கிலம் வழியாகப் போகாமல் நேராகவே செய்துவிடலாம்” என்கிறார்கள் மொழிபெயர்ப்பவர்கள். நேராகச் செய்யுங்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தின் ‘கசின்’ வழியாகப் போனால் பெரியப்பா மகனா மாமா மகனா என்பது தொலைந்துவிடும். பாரசீகமும் அரபியும் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன. ஆனால் பாரசீகம் அரபுச் சொற்களை வாங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. வந்த இடத்தில் அவை வேறு வாழ்க்கை வாழ்ந்திருக்கின்றன. இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி, மலையாளத்தில் தண்டனை. எழுத்து வேறாக இருப்பதால் அங்கே நாம் உஷாராகிறோம். இங்கே எழுத்தும் ஒன்றாக இருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. ஈரானில் ‘மொகாபராத்’ தொலைத்தொடர்புத் துறை. அரபு நாடுகளில் ‘முகாபராத்’ உளவுத் துறை. பாரசீக ‘இன்கலாப்’ புரட்சி. அரபியில் அது ஆட்சிக் கவிழ்ப்பு, புரட்சிக்கு ‘தவ்ரா’. இதையெல்லாம் மாற்றி எழுதினாலும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்கும். அதுதான் ஆபத்து.

பக்கத்தில் நிற்கும் வினையைப் பாருங்கள். குற்றத்தைச் செய்வார்கள், அபராதத்தைக் கட்டுவார்கள். அந்த ஆவணத்தில் ‘செலுத்தப்பட்டது’ என்று இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெரிய பாரசீக அகராதியை மட்டும் நம்பாதீர்கள், அது பழைய அரபுப் பொருளையும் சேர்த்தே தரும். இன்றைய அரபு அரசு ஆவணம் ஒன்றில் அந்தச் சொல் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தேதி. அதே காகிதத்தில் 1403/05/10 என்று அப்படியே விட்டிருந்தார்கள். அது ஈரானின் சூரிய ஆண்டு, அதாவது 2024 ஜூலை 31. அரபு அதிகாரி அதைச் சந்திர ஹிஜ்ரியாக வாசித்தால் 1983 ஆகிவிடும். தயவுசெய்து ஆங்கிலத் தேதியையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: பாரசீகத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ‘ஊ’தான். அரபியில் வினையிலேயே பால் தெரிய வேண்டும். பெயரைப் பார்த்து ஊகிக்காமல், ஆவணக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.