ஐந்தரை மணி மாத்திரையும் ஆறே முக்கால் நோட்டிஃபிகேஷனும்

போன வாரம் வந்தது இந்த வருடத்தில் நான்காவது. ஆப் வேறு, டீம் வேறு, புகார் மட்டும் அச்சு அசலாக அதே. "எங்க ஃபோன்ல எல்லாம் சரியா வருது சார், யூசர்ஸ் ஃபோன்லதான் ரிமைண்டர் லேட்டா வருது. ஃபோன் மாடல் பிரச்சினையா இருக்கும்." நான்கு தடவையும் மாடல் பிரச்சினை இல்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தத் தடவை வந்தது மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிற ஓர் ஆண்ட்ராய்டு ஆப். லேப் ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து டாக்டருக்கு அனுப்பவும் வசதி உண்டு. புகார் சொன்னவர் ஒரு அம்மா. தைராய்டு மாத்திரை, காலை 5:30, வெறும் வயிற்றில். அவருக்கு நோட்டிஃபிகேஷன் வருவது 6:40, 6:45 வாக்கில், அதற்குள் காபி குடித்து முடித்திருப்பார். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை, மூன்று வாரமாக இப்படியே போயிருக்கிறது. அவர் ஆப்பை நம்பி, கைக்கடிகாரத்தில் வைத்திருந்த அலாரத்தையும் எடுத்துவிட்டார். இதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆப்பின் சோர்ஸ் கோடைத் திறந்தேன். நினைத்தது அப்படியே இருந்தது. WorkManager-இல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிற ஒரு வேலை; அது எழுந்து, "கடைசியாக நான் ஓடியதற்கும் இப்போதைக்கும் நடுவில் ஏதாவது மாத்திரை நேரம் வந்ததா" என்று பார்த்து, வந்திருந்தால் நோட்டிஃபிகேஷன் போடும். அந்த அம்மாவின் ஃபோனில் அது ஓடிய நேரங்களை எடுத்தோம். இரவு 11:15, 11:30, 11:46. அப்புறம் 12:52. அப்புறம் 2:58. அடுத்தது காலை 6:41. அவர் பத்தரைக்குச் சார்ஜரிலிருந்து ஃபோனை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர். காலையில் காபி போட்டுக் குடித்த பிறகுதான் ஃபோனைக் கையில் எடுப்பார். எடுத்த நிமிடம் ஃபோன் விழிக்கிறது, அதுவரை தேங்கிக் கிடந்த வேலையெல்லாம் ஒன்றாக ஓடுகிறது, மாத்திரை போடச் சொல்லி நோட்டிஃபிகேஷன் வருகிறது.

சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கிற ஃபோனை ஆண்ட்ராய்டு ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பிவிடும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே இப்படித்தான். அதன் பெயர் டோஸ். மருந்தின் டோஸோடு குழம்பும் என்பதால் உறக்க நிலை என்றே எழுதுகிறேன். அந்த நிலையில் ஆப்களுக்கு நெட்வொர்க் கிடையாது, சாதாரண அலாரமும் பின்னணி வேலையும் தள்ளிப் போடப்படும். நடுநடுவே கொஞ்ச நேரம் கதவு திறக்கும், தேங்கினவை ஓடும், மறுபடி மூடும். ஃபோன் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் திறப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். மேலே உள்ள நேரங்களை இன்னொரு தடவை பாருங்கள், அந்தக் கணக்கு அதிலேயே இருக்கிறது. விடியற்காலைதான் இருப்பதிலேயே மோசமான நேரம். தைராய்டு மாத்திரை நேரமும் அதுதான்.

சரி, டெவலப்பரின் ஃபோனில் ஏன் எல்லாம் சரியாக வருகிறது? ஏனென்றால் அது நாள் முழுக்க யு.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்போடு கோத்திருக்கிறது. கேபிளில் இருக்கிற ஃபோன் சார்ஜில் இருக்கிற ஃபோன், அது உறங்காது. நீங்கள் சோதித்த சூழ்நிலை உங்கள் பயனருக்கு வாய்க்கவே வாய்க்காது. தயவுசெய்து இந்த இரண்டு வரியை ஓட்டிவிட்டு, அதன் பிறகு உங்கள் ரிமைண்டருக்காகக் காத்திருந்து பாருங்கள்:

```
adb shell dumpsys battery unplug
adb shell dumpsys deviceidle force-idle
```

முடிந்ததும் `adb shell dumpsys deviceidle unforce`, `adb shell dumpsys battery reset` இரண்டையும் மறக்காமல் ஓட்டுங்கள். இல்லையென்றால் சார்ஜ் ஏறுகிற ஃபோன் ஏறவில்லை என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது என்னை எரிச்சலூட்டுகிற பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பிரச்சினையைச் சொன்ன உடனே எல்லா டீமும் சொல்கிற பதில், "பேட்டரி ஆப்டிமைசேஷனை ஆஃப் பண்ணச் சொல்லிடலாம் சார்." இந்த டீம் அதை ஏற்கெனவே செய்திருந்தது. ஆப்பைத் திறந்ததும் முதல் திரையே அந்த அனுமதியைக் கேட்டது, அந்த அம்மாவும் கொடுத்திருந்தார். அப்படியும் வரவில்லை. அந்த விலக்கு முக்கியமாகக் கொடுப்பது இரண்டை: உறக்க நிலையிலும் ஆப் நெட்வொர்க்கைத் தொடலாம், சி.பி.யு.வை விழித்திருக்க வைக்கலாம். சாதாரண அலாரம் அந்த நிலையில் அடிக்காது என்று ஆண்ட்ராய்டு ஆவணத்திலேயே இருக்கிறது. குறித்த நிமிடத்தில் எழுப்புகிறேன் என்று அதில் எங்குமே வாக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை நம்பி, பயனரிடம் புரியாத ஒரு அனுமதியை வாங்கி, அவர் பேட்டரியையும் கரைத்து, கடைசியில் மாத்திரையும் தாமதம். பிளே ஸ்டோர் விதிகளும் இந்த அனுமதியைக் கண்டபடி கேட்க விடுவதில்லை. "ஆஃப் பண்ணியும் வரலையே, அப்போ ஃபோன் கம்பெனிதான் காரணம்" என்று அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். சில ஃபோன்கள் ஆப்களை அளவுக்கு மீறிக் கொல்வது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழியைப் போடுவதற்கு முன்னால் நம் கோடு சரியாக இருக்க வேண்டும் இல்லையா?

அடிப்படைக் குழப்பம் ஒன்றே ஒன்றுதான். ரிமைண்டரும் அப்லோடும் "பின்னணி வேலை" என்ற ஒரே பெயரில் ஒரே கருவிக்குப் போகின்றன. ரிமைண்டருக்கு நேரம்தான் எல்லாம். வேலை என்று பார்த்தால் ஒரு வரி எழுத்தைக் காட்டுவது, ஒரு நொடிகூட ஆகாது. அப்லோடுக்கு எப்போது என்பது முக்கியமில்லை, போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் வேலை நீளம், நெட்வொர்க்கும் வேண்டும். WorkManager இரண்டாவதற்காகச் செய்யப்பட்டது. முதலாவதற்கு AlarmManager இருக்கிறது:

```kotlin
if (Build.VERSION.SDK_INT < 31 || am.canScheduleExactAlarms())
    am.setExactAndAllowWhileIdle(AlarmManager.RTC_WAKEUP, t, pi)
else
    am.setAndAllowWhileIdle(AlarmManager.RTC_WAKEUP, t, pi)
```

அந்த நிபந்தனை ஏன் என்றால், துல்லியமான அலாரத்துக்கு ஆண்ட்ராய்டு 12-இலிருந்து SCHEDULE_EXACT_ALARM என்ற அனுமதி வேண்டும், 14-இல் புதிதாக நிறுவுகிற பெரும்பாலான ஆப்களுக்கு அது தானாகக் கிடைக்காது. பயனர்தான் செட்டிங்ஸில் போய்க் கொடுக்க வேண்டும். ஆப்பைத் திறந்ததும் கேட்காதீர்கள். அவர் "காலை 5:30" என்று நேரம் குறித்து சேமிக்கிற அந்த இடத்தில் கேளுங்கள், எதற்கு என்று அவருக்கே புரியும். நோட்டிஃபிகேஷன் காட்டுகிற அனுமதியும் 13-இலிருந்து தனி. அலாரம் அடித்தும் திரையில் ஒன்றும் வராத புகார்களில் முதலில் அதைப் பாருங்கள்.

இன்னும் சில கண்ணிகள். ஃபோனை ஆஃப் செய்து போட்டால் அலாரமெல்லாம் போய்விடும், BOOT_COMPLETED வந்ததும் மறுபடி வைக்க வேண்டும். உறக்க நிலையில் ஓர் ஆப்புக்கு இந்த வகை அலாரம் 9 நிமிடத்துக்கு ஒன்றுதான் என்று ஆவணம் சொல்கிறது, அதனால் 8:00-க்கு ஒரு மாத்திரை 8:05-க்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்காமல் ஒரே நோட்டிஃபிகேஷனில் இரண்டையும் காட்டுங்கள். அலாரம் அடித்ததும் மாத்திரையின் பெயரைச் சர்வரில் போய்க் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் நெட்வொர்க் இருக்கும் என்று நம்ப முடியாது. பெயர், அளவு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எல்லாம் ஃபோனிலேயே இருக்கட்டும்.

அப்லோடு பக்கம் இந்த ஆப்பில் நடந்தது வேறு கதை. ரிப்போர்ட்டைத் தேர்ந்தெடுத்து "அனுப்பு" அழுத்தினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். அந்தத் திரை இருக்கும் வரைதான் அப்லோடும். ஒரு ஃபோன் கால் வந்து, ஆப் பின்னால் போய், சிஸ்டம் அதை மூடினால் எல்லாம் போச்சு. பயனரோ அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். இதைச் சொன்னதும் WorkManager-க்கு மாற்றினார்கள், நல்லது. பிறகு பெரிய ஃபைல் மட்டும் போகவே இல்லை என்று வந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 40 பக்க டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் செய்தால் 60 எம்.பி. அவர் வீட்டில் அப்லோடு வேகம் நொடிக்கு அரை மெகாபிட். 60-ஐ 8-ஆல் பெருக்கினால் 480 மெகாபிட், அதற்கு 960 நொடி, அதாவது 16 நிமிடம். WorkManager ஒரு வேலைக்குத் தருவது 10 நிமிடம். பத்தாவது நிமிடம் நிறுத்தப்படுகிறது, கொஞ்சம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, மறுபடி பத்தாவது நிமிடத்தில் நிற்கிறது. அந்த ஃபைல் காலத்துக்கும் போய்ச் சேராது. ஒவ்வொரு தடவையும் 37 எம்.பி. டேட்டா மட்டும் வீணாகிறது.

இதற்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைப் போட்டுப் பத்து நிமிடத்தைத் தாண்டலாம் என்றார்கள். அந்த வழியும் வருடா வருடம் குறுகிக்கொண்டே வருகிறது: ஆண்ட்ராய்டு 12-இலிருந்து பின்னணியில் இருந்தபடி அதைத் தொடங்குவது சில விதிவிலக்குகள் தவிர முடியாது, 15-இலிருந்து dataSync வகைக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம்தான். நான் சொன்னது ஃபைலைத் துண்டு போடுங்கள் என்று. ஒரு எம்.பி. துண்டு இதே வேகத்தில் 16 நொடி. எந்தத் துண்டு வரை போனது என்று டேட்டாபேஸில் குறித்துவைத்தால், பத்தாவது நிமிடத்தில் நின்றாலும் அடுத்த தடவை 38-ஆவது துண்டிலிருந்து தொடரும். எந்தத் துண்டு வந்தது என்று சர்வரும் அறிந்திருக்க வேண்டும், ஒரே துண்டு இரண்டு தடவை வந்தால் பேசாமல் ஏற்க வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இலிருந்து, பயனரே அழுத்தி அனுப்புகிற பெரிய ஃபைலுக்கு setUserInitiated(true) என்ற ஜாப் இருக்கிறது. ஆப் திரையில் இருக்கும்போதே அதை வைத்துவிட வேண்டும்.

"அனுப்பு" அழுத்திய அந்த நொடியிலேயே ஃபைலை ஆப்பின் சொந்த ஃபோல்டருக்கு நகல் எடுத்துவிடுங்கள். கேலரியிலிருந்து வந்த முகவரியைப் படிக்கிற உரிமை ஆப் நின்றதும் போய்விடலாம். அப்புறம் பின்னணி வேலை எழுந்து வந்து, படிக்க ஒன்றுமில்லாமல் நிற்கும்.

மாற்றம் செய்து அந்த அம்மாவின் ஃபோனில் போட்டபோது இன்னொன்றும் சேர்த்தோம்: ஒவ்வொரு ரிமைண்டருக்கும் குறித்த நேரம், உண்மையில் அடித்த நேரம், இரண்டையும் எழுதிவைப்பது. பத்து நாளில் பெரிய வித்தியாசம் ஐந்து நொடி. ஆனால் பதினோராம் நாள் ஒன்றுமே அடிக்கவில்லை. அவருடைய பேரன் ஃபோன் மெதுவாக இருக்கிறது என்று செட்டிங்ஸில் போய் ஆப்பை 'ஃபோர்ஸ் ஸ்டாப்' செய்திருந்தான். அப்படிச் செய்தால் அலாரம், வேலை எல்லாம் ரத்து, பயனர் திரும்பத் திறக்கும் வரை நம் கோடு எதுவும் ஓடாது, இதற்கு வழியே கிடையாது. இப்போது ஆப்பைத் திறந்ததும், தவறிப்போன நேரங்களை முதல் திரையில் சிவப்பில் காட்டுகிறோம், அலாரங்களை மறுபடி வைக்கிறோம். அந்த அம்மாவிடம் நான் சொன்னது, கைக்கடிகார அலாரத்தையும் திரும்ப வையுங்கள் என்று.