போஸ்டர் மேல் கேமராவை ஓட்டினால் வீடியோ ஆகிவிடாது

இந்த மாதமும் எடிட் செய்யச் சொல்லி ஓர் ஆய்வு வீடியோ வந்தது. மாநாட்டில் வைத்த ஏ0 போஸ்டரின் பிடிஎஃப் மேல் கேமரா மெதுவாக ஊர்கிறது. போஸ்டரில் இருப்பதை ஒருவர் அப்படியே வாசிக்கிறார். நல்ல ஆய்வுதான், ஆனால் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது நாலாவது நிமிடத்தில்தான் தெரிந்தது. "விஷயமெல்லாம் ரெடியா இருக்கு சார், லேசா எடிட் பண்ணினா போதும்" என்று குறிப்பு வேறு.

ரெடியாக இல்லை. ஆய்வாளர்களின் வீடியோக்களை எடிட் செய்பவனாக என்னை அதிகம் படுத்துவது இந்த நம்பிக்கைதான். போஸ்டர் முன்னால் நிற்பவர் தன் இஷ்டப்படி படிக்கிறார். தலைப்பைப் பார்ப்பார், நேரே முடிவுக்குத் தாவுவார், வரைபடம் புரியாவிட்டால் திரும்பி வருவார், பக்கத்தில் நிற்கும் உங்களையே கேட்பார். வீடியோவில் எதை முதலில் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது எல்லாமே நீங்கள் வைத்ததுதான். நிறுத்திப் பார்க்கலாமே என்பீர்கள். யாரும் நிறுத்துவதில்லை, மூடிவிடுவார்கள். ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள தாளில் தெளிவாகத் தெரிந்த எழுத்து, கைபேசித் திரையில் எறும்பு வரிசைதான்.

அதனால் போஸ்டரை மூடிவையுங்கள். ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் பேச்சையும் வலப்பக்கம் அந்த நேரத்தில் திரையில் தெரிவதையும் எழுதுங்கள். இரண்டு நிமிட வீடியோ என்றால், நிதானமாகப் பேசத் தமிழில் 180 சொல் போதும். போஸ்டரில் இருப்பதில் பெரும்பகுதி வெளியே போகும். போகட்டும்.

என் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த பழைய தரவைத்தான் கொடுப்பேன்: வியன்னா மருத்துவமனையில் மருத்துவர் செம்மல்வைஸ் பார்த்த பிரசவ மரணங்கள். போஸ்டராக இருந்தால் ஆண்டுவாரி அட்டவணை நடுவில் உட்கார்ந்திருக்கும். ஸ்கிரிப்டில் கதை இப்படித் தொடங்கும்: "ஒரே மருத்துவமனை, இரண்டு பிரசவப் பிரிவுகள். 1846இல் முதல் பிரிவில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்கள் இறந்தார்கள், இரண்டாவதில் மூன்றுக்கும் குறைவு. ஏன்?" வலப்பக்கம் இரண்டு கதவுகள். எண்ணைச் சொல்லும் நொடியில்தான் 11.4, 2.8 என்பவை அவற்றின் மேல் வர வேண்டும். முன்னறிமுகம், ஆய்வின் நோக்கம் என்று தனித்தனியாக எதுவும் வேண்டாம், அந்த "ஏன்" போதும்.

அடுத்தது வழிமுறை, முப்பது நொடி. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள், பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராக வருகிறவர்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள், அவர்களுக்கு அந்த அறையில் வேலையில்லை. திரையில் அறையிலிருந்து முதல் கதவுக்கு மட்டும் ஓர் அம்புக்குறி. பேச்சில் பத்து வாக்கியம் பிடிப்பதை அந்த அம்பு முடித்துவிடும். 1847 மே நடுவில் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார் என்பதற்கு ஒரு வாக்கியமும் ஒரு தொட்டியும்.

முடிவுக்கு மட்டும் இடம் கொடுங்கள். வரைபடத்தை முழுசாகக் காட்டாதீர்கள். முதலில் வெறும் அச்சுகள், எது மாதம், எது மரண விகிதம் என்று சொல்லுங்கள். கோடு ஏப்ரல் வரை ஓடி 18.3 சதவீதத்தில் நிற்கட்டும். மே நடுவில் செங்குத்தாக ஒரு கோடு. இரண்டு நொடி மௌனம். பிறகு ஜூனில் 2.2க்கு இறங்கட்டும். அட்டவணையை அப்படியே வைத்துவிட்டு வேறு எதையாவது பேசினால், பார்ப்பவர் அட்டவணையைப் படிப்பார், உங்கள் குரல் காதில் ஏறாது.

ஆய்வின் வரம்புகளுக்குப் பதினைந்து நொடியாவது ஒதுக்குங்கள், இதைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். இது முன்–பின் ஒப்பீடு, குலுக்கலில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. அதே வரைபடத்தைத் திரும்பக் காட்டி, முந்தைய மாதங்களிலும் விகிதம் ஏறி இறங்கியதைச் சுட்டினால் போதும். போஸ்டரில் மூலையில் சின்ன எழுத்திலாவது கிடந்திருக்கும். வீடியோவில் சொல்லாமல் விட்டால் இல்லவே இல்லை.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் வலப்பக்கத்தை மறைத்து, துறைக்கு வெளியே ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லவில்லை என்றால் படம் வரைய உட்காராதீர்கள். அப்புறம் பேச்சை மறைத்து, படங்களை மட்டும் வரிசையாகக் காட்டுங்கள். எந்த இடத்திலாவது "இது எதுக்கு?" என்று கேட்டால் அந்தப் படம் அலங்காரம், எடுத்துவிடுங்கள். நுண்ணோக்கி, சுழலும் டிஎன்ஏ எல்லாம் இந்தச் சோதனையில் தேறாது.

மருத்துவர்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுண்டு. நோயாளியின் படத்தை மாநாட்டு அரங்கில் காட்ட வாங்கிய சம்மதம் இணையத்துக்குச் செல்லாது. கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்தால் ஆள் தெரியாமல் போவதும் இல்லை. வீடியோவுக்கென்று தனியாக எழுத்தில் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கோட்டோவியம் போடுங்கள். இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்த வரைபடத்துக்கும் அனுமதி வேண்டும். இரண்டும் கையில் வந்த பிறகு ஸ்கிரிப்டை அனுப்புங்கள், குரல் பதிவை அல்ல.