பேசத்தான் காசு, பாராட்ட அல்ல

பயன்பாட்டு ஆய்வுதான் என் வேலை. ஒரு தளத்தைப் பயன்படுத்திக்கொண்டே மனதில் ஓடுவதைப் பேசி, திரையையும் குரலையும் பதிவு செய்து அனுப்ப ஆட்களுக்குக் காசு கொடுப்போம்; அந்தப் பதிவுகளைப் பார்ப்பது நான். நேற்று இரவு மட்டும் 8 பதிவுகளைப் பார்த்தேன், 3 உதவவில்லை. அதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

செருப்பு விற்கும் ஒரு தளத்தில், வாங்கியதைத் திருப்பி அனுப்பும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தோம். சோதனை செய்த நண்பர் 3 நிமிடம் வாய் திறக்காமல் பக்கத்தை மேலும் கீழும் உருட்டினார். கடைசியில், "தளம் அருமை, நிறமும் கண்ணுக்கு இதம், எல்லாம் எளிது" என்றார். ஐயா, நீங்கள் திண்டாடியதை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!

உங்கள் கருத்தை நாங்கள் கேட்கவே இல்லை. விமர்சகராகவும் வேண்டாம், வடிவமைப்பு ஆலோசகராகவும் வேண்டாம். மனதில் ஓடுவது அப்படியே வாய்வழியாக வந்தால் போதும். "இது என் கணக்குக்குள் இருக்கும்னு நினைச்சேன், காணோமே. உதவிப் பக்கத்துல பார்க்கலாமா? 'ஆர்டர் மேலாண்மை'ன்னு ஒண்ணு இருக்கு, இது எதுக்குன்னு புரியலை." இந்த மூன்று வரிதான் எங்களுக்குத் தங்கம். எந்தச் சொல் குழப்புகிறது, இணைப்பை எங்கே வைக்க வேண்டும் என்று இதிலிருந்தே தெரிந்துவிடும். "அருமை" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இனி காசு. ஆய்வாளர் இல்லாமல் தனியே பதிவு செய்யும் 20 நிமிடச் சோதனைக்கு, ஆள் சேர்க்கும் பல தளங்களில் கிடைப்பது சுமார் 10 டாலர். உடனே மணிக்கு 30 டாலர் என்று கணக்குப் போடாதீர்கள். சோதனைக்கு முன்னால் தகுதிக் கேள்விகள் வரும், அவற்றுக்குக் காசு கிடையாது. 12 கேள்வித்தாளில் ஒன்றில் தேறினீர்கள், தாளுக்கு 2 நிமிடம் என்று வையுங்கள். 24 நிமிடம் போயிற்று. சோதனையும் கடைசிக் கேள்விகளும் 26 நிமிடம். ஆக 50 நிமிடத்துக்கு 10 டாலர், மணிக்கு 12. அதுவும் வாய்ப்பு வரும் நாளில்தான். ஒரு சுற்றுச் சோதனைக்கு 5 பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வு வல்லுநர் யாகப் நீல்சன் 2000-இலேயே எழுதிவிட்டார். இன்றும் பலர் அந்தக் கணக்கில்தான் ஆள் எடுக்கிறோம். விண்ணப்பிப்பவர்களோ ஏராளம். ஆய்வாளருடன் நேரலையில் பேசும் அமர்வுக்குக் கூடுதலாகத் தருவார்கள், ஆனால் அது அரிதாகத்தான் வரும். இதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

தேறுவதற்காகப் பொய் சொல்லாதீர்கள். நாய் வளர்ப்பதாகச் சொல்லி உள்ளே வந்தவர், தீவனம் வாங்கும் பக்கத்தில் முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வார். தளத்தில் சேரக் கட்டணம் கேட்டால் அது மோசடி, மூடிவிட்டு வெளியே வாருங்கள். 10 விநாடி பதிவு செய்து, உங்கள் குரல் கேட்கிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மின்விசிறி இரைச்சலில் போன பதிவுகள் எத்தனையோ.

கடைசியாக, தயவுசெய்து அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். நேற்றைய இன்னொரு பதிவில் ஒருவருடைய வங்கி ஓடிபி திரையின் மேலே வந்து நின்றது. நான் அந்தப் பதிவை அழிக்கச் சொல்லிவிட்டேன். அதற்குள் அதை எத்தனை பேர் பார்த்தார்களோ.