கடைசி நாள் எந்த நாள்? ரிலீவிங் லெட்டரில் நான் முதலில் பார்ப்பது

ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் உட்கார்ந்து, புதிதாகச் சேர வருபவர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பது பல வருடங்களாக என் வேலை. ரிலீவிங் லெட்டர் கையில் வந்ததும் பெயருக்கு அடுத்தபடியாக என் கண் போகும் இடம் ஒன்றுதான்: கடைசி வேலை நாள். சேர்ந்த தேதியைப் பெரும்பாலும் யாரும் தவறாகப் போடுவதில்லை. கடைசி நாளில்தான் வில்லங்கம் வரும்.

2024ல் எங்களிடம் சேர்ந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். மார்ச் 4, திங்கட்கிழமை ராஜினாமா மெயில் அனுப்பியிருந்தார். நோட்டீஸ் 60 நாள். பழைய நிறுவனம் மெயிலை ஏற்றுக்கொண்டு, உங்கள் கடைசி நாள் மே 3 என்று பதில் போட்டிருந்தது. மே 6, திங்கட்கிழமை எங்களிடம் வந்து சேர்ந்தார். இதுவரை எல்லாம் சரி.

இடையில் ஒன்று நடந்திருந்தது. ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமையே லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்து, ‘நோ டியூஸ்’ படிவத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். அடுத்த வாரம் மே தினம் போக மிச்சமிருந்த 4 நாளுக்கு லீவு எடுத்துக்கொண்டார். மேனேஜரும் சம்மதித்திருந்தார். இதிலும் தப்பு எதுவும் இல்லை.

ஜூலையில் பின்னணிச் சரிபார்ப்பு அறிக்கை வந்தது. ரிலீவிங் லெட்டரில் கடைசி நாள் மே 3. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் ஏப்ரல் 26. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி மே 31. ஒரே ஆள், ஒரே நிறுவனம், மூன்று கடைசி நாட்கள். பி.எஃப். கணக்குப்படி பார்த்தால் மே 6 முதல் 31 வரை 26 நாள் அவர் இரண்டு இடத்தில் வேலை பார்த்திருக்கிறார். சரிபார்க்கும் ஏஜென்சி ‘முரண்பாடு’ என்று எழுதி எங்களுக்கு அனுப்பிவிட்டது. இரட்டை வேலை பார்ப்பவர்களைப் பிடிக்க நிறுவனங்கள் இப்போது, வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னை வைத்து வேலை வரலாற்றைப் பார்க்கின்றன. அப்படிப் போட்ட வலையில் இந்தத் தம்பி மாட்டிக்கொண்டார்.

மூன்று தேதி எப்படி வந்தது என்று விசாரித்தால் அதில் சதி எதுவும் இல்லை. ரிலீவிங் லெட்டரை எழுதியவர் ராஜினாமா ஏற்பு மெயிலைப் பார்த்து எழுதியிருக்கிறார். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரை வேறொருவர் நோ டியூஸ் படிவத்தின் தேதியைப் பார்த்து அடித்திருக்கிறார். பி.எஃப்.பை வெளியே ஒரு பேரோல் நிறுவனம் கவனிக்கிறது. அவர்கள் மே மாதச் சம்பளத்தில் பெயர் இருந்ததால் மாதக் கடைசியைப் போட்டுவிட்டார்கள். மூன்று மேசை, மூன்று தேதி.

இந்த இரண்டு கடிதங்களையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். “ரெண்டும் ஒண்ணுதானே மேடம், ஒண்ணு இருந்தா போதாதா?” என்று கேட்காத ஆளே கிடையாது. ரிலீவிங் லெட்டர் உங்களுக்கு எழுதப்படுவது. உங்கள் பெயரை விளித்து, இந்தத் தேதியிட்ட ராஜினாமாவை ஏற்றுக்கொண்டோம், இந்த நாள் அலுவலக நேரம் முடிந்ததும் உங்களைப் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லும். பொருட்களை ஒப்படைத்துவிட்டார், பாக்கி இல்லை என்ற வரியும் பல இடங்களில் இருக்கும். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் உங்களுக்கு எழுதப்படுவதில்லை. ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று ஊருக்குப் பொதுவாக எழுதப்படும். இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் இந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதுதான் அதன் சாரம். சேரும் நாளன்று நாங்கள் முதலில் கேட்பது ரிலீவிங் லெட்டரை. பழைய இடத்தில் ஒப்பந்தம் தீர்ந்துவிட்டதா என்பதை அது ஒன்றுதான் நேரடியாகச் சொல்லும். ஐந்து வருடம் கழித்து மூன்றாவது நிறுவனத்துக்குப் போகும்போது உங்கள் அனுபவத்தைக் கணக்குப் போட உதவுவது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். சில நிறுவனங்கள் இரண்டையும் ஒரே தாளில் கொடுக்கும். விஷயம் முழுவதும் அதில் இருந்தால் அதுவும் செல்லும்.

கடிதம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும், கொடுத்த தேதி இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் பதவியும் தெளிவாக இருக்க வேண்டும். கையெழுத்து ஒரு கிறுக்கலாக இருந்து கீழே பெயரே இல்லாத கடிதங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. ஏஜென்சி யாரைக் கூப்பிட்டுக் கேட்கும்? உங்கள் பணியாளர் எண்ணும் அதில் இருக்கட்டும். பெரிய நிறுவனத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

பெயர் என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். வேலையில் சேரும்போது ‘எம். கார்த்திக்’ என்று எழுதிக் கொடுத்திருப்பார். பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் முருகேசன்’ என்று இருக்கும். ஆதாரில் ‘கார்த்திக் எம்’. உள்ளூரில் இதைப் பார்த்தால் நமக்குப் புரியும், தள்ளிவிட்டுப் போய்விடுவோம். வெளிநாட்டு விசா அதிகாரிக்கு அது இரண்டு வேறு ஆட்கள். கடிதம் தயாராவதற்கு முன்பே, பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி போடுங்கள் என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

அப்புறம் பதவி. நீங்கள் சேர்ந்தபோது இருந்த பதவியா, விலகியபோது இருந்த பதவியா என்று பாருங்கள். நடுவில் பதவி உயர்வு வந்திருந்தால், கடைசிப் பதவியாவது கடிதத்தில் வந்திருக்க வேண்டும். ஒப்பந்தப் பணியில் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை ஒரு நிறுவனத்தினுடையது, சம்பளம் போட்டது வேறொரு நிறுவனம். கடிதம் சம்பளம் போட்டவரிடமிருந்துதான் வரும். ரெஸ்யூமில் அட்டைக்காரர் பெயரை மட்டும் எழுதியவர்கள் சரிபார்ப்பில் விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு பெயரையும் எழுதிவிட்டால் ஒரு கேள்வியும் வராது.

சம்பளம் பொதுவாக இந்த இரண்டு கடிதங்களிலும் வராது. அதற்குப் பேஸ்லிப்பும் ஃபார்ம் 16ம் இருக்கின்றன. ஆனால் கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு வழக்கமான எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் போதாது. என்னென்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும் எவ்வளவு என்பதெல்லாம் கடிதத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே கேட்கிறார்கள். அந்த எண்ணம் இருந்தால் விலகும்போதே கேட்டு வாங்குங்கள். நான்கு வருடம் கழித்துப் போனால் உங்கள் மேனேஜரும் இருக்கமாட்டார், எச்.ஆரில் உங்களைத் தெரிந்தவரும் இருக்கமாட்டார்.

நடத்தை பற்றிய வரியைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். ‘பணிக்காலத்தில் நடத்தை நன்றாக இருந்தது’ என்ற வரி இல்லாவிட்டால் அது கறுப்புப் புள்ளியா என்று கேட்பார்கள். சில நிறுவனங்களின் மாதிரிக் கடிதத்திலேயே அந்த வரி கிடையாது. அதை நான் பொருட்படுத்துவதில்லை. ‘ராஜினாமா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பணி முடிவுக்கு வந்தது’ என்று மட்டும் இருந்தால்தான் ஒரு போன் போட்டு விசாரிப்பேன்.

கடிதமே கொடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள் என்றால்? பல இடங்களில் கடைசி செட்டில்மென்ட் முடிந்த பிறகுதான் கடிதம் தருவார்கள். அதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆவது சாதாரணம். அதனால்தான் ராஜினாமா ஏற்பு மெயில் முக்கியம். கடைசி நாள் குறிப்பிட்ட அந்த மெயிலைக் காட்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் சேர்த்துக்கொண்டு, கடிதத்துக்கு அவகாசம் கொடுப்பார்கள். அலுவலக மெயில் ஐடி கடைசி நாள் மாலையே முடக்கப்பட்டுவிடும். ஆகவே ராஜினாமா கொடுக்கும்போதே உங்கள் சொந்த மெயில் ஐடியையும் அதில் சேர்த்துவிடுங்கள். ஏற்பு பதிலும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

பி.எஃப். விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உறுப்பினர் தளத்தில் View பகுதியில் Service History என்று இருக்கும். சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் அங்கே தெரியும். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாமலே விட்டிருந்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழிந்ததும் Manage பகுதியில் Mark Exit வழியாக நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தளம், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்துக்குள் வரும் தேதியைத்தான் ஏற்கும். போடும்போது ரிலீவிங் லெட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

நம் தம்பியின் நிலைமை வேறு. தேதி இல்லாமல் இல்லை, தவறாக இருந்தது. “நான் மே மூணோட வந்துட்டேன் மேடம், வேணும்னா வீட்டுல கேளுங்க” என்றார், குரல் உடைந்துபோய். வீட்டில் கேட்டு என்ன செய்ய? மே மாதப் பேஸ்லிப் இருக்கிறதா என்று கேட்டேன். தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் சம்பளம் கணக்கிட்ட நாட்கள்: 3. அந்த ஒரு எண்ணே போதுமானதாக இருந்தது. மே 31 வரை வேலை பார்த்த ஆளுக்கு மூன்று நாள் சம்பளமா போடுவார்கள்? வங்கிக் கணக்கில் வந்த தொகையும் அதோடு ஒத்துப்போனது.

அதை வைத்து அவர் பழைய எச்.ஆருக்கு எழுதினார். புலம்பாமல், மூன்று தேதிகளையும் வரிசையாகப் போட்டு, சரியானது மே 3, ஆதாரம் உங்கள் ஏற்பு மெயிலும் மே பேஸ்லிப்பும் என்று நாலே வரி. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரை நான்கு நாளில் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். பி.எஃப். தேதிக்குத்தான் நாளானது. உறுப்பினரும் நிறுவனமும் சேர்ந்து தரும் ‘ஜாயின்ட் டிக்ளரேஷன்’ போட வேண்டியிருந்தது, அதற்குப் பழைய நிறுவனம் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அதுவரை ஏஜென்சியின் அறிக்கையில் பேஸ்லிப்பை இணைத்து நான் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். செப்டம்பரில் தளத்தில் மே 3 என்று மாறியதும் அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். அதையும் அவர் கோப்பில் சேர்த்தேன்.